எழுபது வளைவுக்கு எழுபது நாள்

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான குண்டூர் நாட்டில் இருக்கிறது எங்கள் வீடு. மலைக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வராமல் போக மாட்டார்கள். அதனால் பயணம் போகிறவர்களைவிடப் பயணம் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மலை ஏறுமுன்பே பாதி சந்தோஷத்தை அனுபவித்து முடித்து, மீதிப் பாதிக்காக வருகிறவர்கள் உண்டு. கையில் அட்டவணையோடு வந்து, எதையும் அனுபவிக்காமல் களைத்து இறங்குகிறவர்களும் உண்டு. என் தங்கை குடும்பம் இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. பயணத்தைத் திட்டமிடுவது பற்றி நம்மிடம் இருக்கும் நான்கு நம்பிக்கைகளை அவர்களுடைய இரண்டு பயணங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: சந்தோஷம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

உண்மை: புறப்படுவதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

நெதர்லாந்தில் ஜெரோன் நவைன் என்பவரும் அவருடன் மூவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. 1,530 பேரிடம் பல வாரங்கள் தொடர்ந்து கேட்டார்கள். அவர்களில் 974 பேர் அந்தக் காலத்தில் விடுமுறைப் பயணம் போனவர்கள். பயணத்துக்கு முன்பு, போகப்போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, பெரும்பாலோர் விஷயத்தில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. மிகவும் நிதானமாகப் பயணம் போய்வந்தவர்களுக்கு மட்டும் அது இரண்டு வாரம் வரை நீடித்தது.

இதைப் பார்த்தால் வரப்போகும் பயணத்தை மனத்தில் வைத்திருக்கும் நாட்களும் பயணத்தைச் சேர்ந்தவைதான் என்று புரியும். நம் ஊர்த் திருவிழாக்களுக்கு இது தெரியும். தேர் ஓடுவது ஒரே நாள்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்தே ஊர் திருவிழாவுக்குள் வந்துவிடுகிறது. சபரிமலைக்கு மாலை போட்டவருக்கும் மாலை போட்ட அன்றே யாத்திரை ஆரம்பம். திடீரென்று நினைத்து நாளைக்கே கிளம்புகிற பயணத்திலும் இன்பம் உண்டு, ஆனால் இந்த முன்நாட்கள் அதில் கிடையாது.

நம்பிக்கை 2: ரொம்ப எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உண்மை: எதை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1997இல் டெரன்ஸ் மிட்செல், லீ தாம்ப்சன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியச் சுற்றுலா போனவர்களிடமும் கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிளில் சுற்றியவர்களிடமும் முன்பும் நடுவிலும் பிறகும் கேட்டார்கள். பயணத்தின் நடுவில் சின்னச் சின்ன ஏமாற்றங்கள் வரத்தான் செய்தன. திரும்பி வந்த சில நாட்களிலேயே அவை மங்கிப்போய், முதலில் எதிர்பார்த்த அளவுக்கு நல்ல நினைவே மனத்தில் நின்றது. எதிர்பார்ப்பு பயணத்தைக் கெடுத்துவிடவில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மொத்த ஆசையையும் ஒரே ஒரு காட்சியில் கட்டித் தொங்கவிடுவதுதான் அது. ‘ஆகாய கங்கையில் குளிக்க வேண்டும்’ என்பதற்காக மட்டுமே ஒருவர் மலைக்கு வருகிறார் என்று வையுங்கள். மழை வலுத்து ஐயாற்றில் தண்ணீர் பெருகினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றோடு அவர் பயணம் முடிந்தது. ஆனால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி எப்படி ஏறியிருக்கும், பனி இறங்கினால் சாலை எவ்வளவு தூரம் தெரியும், மலைப் பலாவின் சுளை எப்படி இருக்கும் என்று பத்து விஷயங்களை ஆசையோடு யோசித்து வந்தவருக்கு, ஒன்று தவறினால் ஒன்பது மிச்சம்.

எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நம் கேள்விகளே காட்டிக்கொடுக்கும். ‘எப்படி இருக்கும்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை அது இனிப்பு. ‘சரியாக நடக்குமா?’ என்று கேட்க ஆரம்பித்தால் கவலையாகத் திரும்பிவிட்டது. அப்போது இன்னொரு காணொலி பார்ப்பதும் இன்னொரு முறை திட்டத்தை மாற்றுவதும் கவலையை வளர்க்கும். ஒரு தடவை முடிவு செய்ததை மறுபடி திறக்காமல் இருப்பதே அதற்கு மருந்து.

நம்பிக்கை 3: மணி குறித்துத் திட்டம் போட்டால்தான் எதையும் தவறவிட மாட்டோம்.

உண்மை: மணி குறிப்பது இன்பத்தை வேலையாக மாற்றிவிடுகிறது.

தங்கை குடும்பம் முதல் தடவை வந்தது ஒரு ஜூன் மாதம். மாப்பிள்ளை கணினியில் அச்சடித்த தாளோடு வந்தார். காலை 6 மணிக்குக் காரவள்ளி அடிவாரம். 9 மணிக்கு ஆகாய கங்கை. 11.30க்கு மாசிலா அருவி. மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, அதற்கு முக்கால் மணி நேரம். 2.30க்கு வாசலூர்பட்டிப் படகு. பிறகு எட்டுக்கை அம்மன், சீக்குப்பாறைக் காட்சிமுனை. 6 மணிக்கு இறக்கம்.

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவைத் தாண்டும்போதே குழந்தைக்குத் தலைசுற்றி வாந்தி. வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவதை மட்டும் கணக்குப் பார்த்திருந்தார் மாப்பிள்ளை. அத்தனை படியையும் திரும்ப ஏற வேண்டும் என்பதும், நடுவில் முழங்கால் நடுங்கும் என்பதும் தாளில் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை.

நான் திண்ணையில் சாக்கை விரித்து, கத்திக்கு நல்லெண்ணெய் தடவி, பலாப்பழத்தை அப்போதுதான் பிளந்திருந்தேன். வாசனை வாசல் வரைக்கும் வந்தது. குழந்தை சாக்கின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். “வேண்டாம் மச்சான், நேரமில்லை. படகு மூடிருவாங்க” என்று மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு போனார். படகும் கிடைக்கவில்லை. ஐந்து இடத்தில் இரண்டைப் பார்த்துவிட்டு, பார்க்காத மூன்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

இப்படி ஏன் ஆகிறது என்பதை கேப்ரியலா டோனியெட்டோவும் செலின் மால்கோச்சும் 2016இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தேர்வு நேரத்து மாணவர்களுக்கு இலவசக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் இன்ன மணிக்கு வருவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மணி நேர இடைவெளி. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காபி ஒன்றுதான். இருந்தும் மணி குறித்துக்கொண்டவர்கள் குறைவாகவே ரசித்தார்கள். மணி குறித்தவுடன் அது செய்து முடிக்க வேண்டிய கடமையாகிவிடுகிறது. ‘இன்ன நேரத்துக்குள்’ என்று தளர்வாக வைத்தால் திட்டமும் இருக்கிறது, இன்பமும் கெடுவதில்லை. அடுத்து ஒரு வேலை காத்திருக்கிறது என்ற நினைப்பு இருந்தால் கையில் இருக்கும் ஒரு மணி நேரம்கூடச் சுருங்கித் தெரியும் என்பதையும் இவர்கள் பின்னர் காட்டினார்கள். பலாப்பழத்துக்கு ஐந்து நிமிடம் இல்லாமல் போனது அப்படித்தான்.

நம்பிக்கை 4: அட்டவணை வேண்டாம் என்றால் எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம்.

உண்மை: சில முளைகளை ஆழமாக அடித்தால்தான் கயிற்றை நீளமாக விடமுடியும்.

இரண்டாவது பயணத்தை ஆடிப் பதினெட்டுக்கு வைத்தார்கள். ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். தேதி வருடம் முழுக்கத் தெரிந்தது என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க ஏற்ற பயணம். கூட்டம் நெருக்கும் நாட்கள் என்பதால் அறையை விட்டுவைக்க முடியாது. எங்கள் வீடு இருந்ததால் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் முதலில் அடிக்க வேண்டிய முளை இதுதான்.

குழந்தைக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். மலைக்கு 70 வளைவு. ஒரு நாளைக்கு ஒரு வளைவு ஏறிவா என்றேன். பெரிய தாளில் பாம்புபோல் சாலை வரைந்து, எண் போட்டு, மே 23 அன்று முதல் வளைவுக்கு வண்ணம் தீட்டினாள். ஜூலை 31 இரவு ரயில் ஏறும் அன்று எழுபதாவது. சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். அது ஜூன் 1, பத்தாவது வளைவு. அன்று குடும்பமே கூடி உட்கார்ந்து போகும் டிக்கெட்டை எடுத்தார்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்கான முன்பதிவு திறந்த நாளில் எடுத்தார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று ரயில் முளைகள் இரண்டு. தங்குமிடம் மூன்றாவது. நான்காவது முளை கிடையாது.

மீதி நாட்களில் திட்டத்தைத் தொடாமல் பயணத்தை ருசித்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு விஷயம், அவ்வளவுதான். ஒரு வாரம் புறநானூற்றில் வன்பரணர் ஓரியைப் பாடிய பாட்டு. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய் உடும்பில் தைத்த கதையைக் குழந்தை எனக்கே போனில் சொன்னாள். இன்னொரு வாரம் கடையில் கொல்லிமலை மிளகு வாங்கி, அதில் ரசம் வைத்தார்கள். ஜூன் 30 இரவு போன் வந்தது. “மாமா, முப்பத்தொன்பது ஏறிட்டேன். நீங்க எங்க நிக்கிறீங்க?”

பார்க்க வேண்டிய இடங்களை இந்தத் தடவை மணி போடாமல், சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாளுக்கு ஒன்றுதான் உறுதி. எதை எடுப்பது என்பதைக் காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்தோம். பனி மூடியிருந்தால் காட்சிமுனைக்குப் போய் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டும், அன்று கோயில். வெயில் வந்தால் அருவி. மழை பிடித்தால் வீடு. உறுதியானது முடிந்து தெம்பு மிச்சம் இருந்தால் டப்பாவிலிருந்து இன்னொரு சீட்டு.

மூன்று நாளில் ஐந்து சீட்டு எடுத்தார்கள். ஆகாய கங்கைச் சீட்டு டப்பாவிலேயே இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, “இது அடுத்த தடவைக்கு” என்றாள் குழந்தை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் சாக்கு மேல் உட்கார்ந்து, அந்தப் பருவத்தின் கடைசிப் பலாவைப் பிசின் விரலில் ஒட்ட ஒட்டச் சுளை எடுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை.