வீட்டைக் காலி செய்யப் போறீங்களா? ரெண்டு மாத நோட்டீஸை இப்படி எழுதுங்க

“அடுத்த மாசமோ, அதுக்கடுத்த மாசமோ காலி பண்ணிடுவோம்ணே” என்று வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறோம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில்தான் சிக்கல் வருகிறது. “நீங்க எப்போ சொன்னீங்க? இன்னொரு மாச வாடகையைக் கழிச்சுத்தான் தருவேன்” என்பார் அவர். இந்தப் பேச்சு வராமல் தடுப்பது ஒரு பக்கக் கடிதமும் அதிலுள்ள மூன்று தேதிகளும்தான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பம் அருப்புக்கோட்டையில் மாதம் ரூ.6,000 வாடகையில் குடியிருக்கிறது. அட்வான்ஸ் ரூ.18,000. வீட்டுக்காரர் இருப்பது மதுரையில். ஜூனில் பிள்ளைகளைத் திருச்சுழியில் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதனால் 2026 மே 31-ல் காலி செய்ய முடிவு செய்கிறார்கள். ஒப்பந்தத்தில் “இரண்டு மாத முன்னறிவிப்பு” என்று இருக்கிறது.

முதல் தேதி: கடிதம் சேரும் நாள்

ரெண்டு மாதத்தை நீங்கள் எழுதிய நாளிலிருந்து எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் கைக்குக் கடிதம் போன நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. மே 31-ல் காலி செய்ய, கடிதம் மார்ச் 31-க்குள் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் 4-ல் சேர்ந்தால் கெடு ஜூன் 4 வரை நீளும். அந்த நாலு நாளுக்காக ஜூன் வாடகையே கேட்கப்படலாம். எனவே ஒரு வாரம் முன்னதாகவே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆனால் அது தபாலுக்குத் துணைதான், மாற்று இல்லை.

இரண்டாவது தேதி: காலி செய்யும் நாள்

“மே கடைசியில்” என்று எழுதாதீர்கள். “31.05.2026 மாலை 5 மணிக்குள்” என்று எழுதுங்கள். அந்தத் தேதியை நம்பி வீட்டுக்காரர் வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கலாம். அதனால் உங்களால் காப்பாற்ற முடிகிற தேதியை மட்டும் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது தேதி: அட்வான்ஸ் திரும்பும் நாள்

நகர்ப்புறங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தர வேண்டும். மே 31-ல் சாவி கொடுத்தால், கெடு ஜூன் 30. திருச்சுழி ஊராட்சிப் பகுதி என்பதால், அங்கே புது வீடு பார்க்கும்போது இந்தக் கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: (பெயர், வாடகை வீட்டு முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: (வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி)
நாள்: 24.03.2026
பொருள்: வீட்டைக் காலி செய்வதற்கு இரண்டு மாத முன்னறிவிப்பு

ஐயா,
தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட வீட்டில் (ஒப்பந்த நாள், பதிவு எண்) வாடகைக்கு இருந்து வருகிறேன். ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பாக இதை அனுப்புகிறேன். 31.05.2026 மாலை 5 மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன். ஏப்ரல், மே மாத வாடகையை வழக்கம்போல் செலுத்துவேன். அன்று வீட்டைச் சேர்ந்து பார்வையிட்டு, மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்த முன்பணம் ரூ.18,000-ல் பாக்கி ஏதேனும் இருந்தால் கணக்குடன் கழித்து, மீதியை 30.06.2026-க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

சாவி கொடுக்கும் நாளில்

தகராறு பெரும்பாலும் சின்னக் கணக்கில்தான் தொடங்கும். கரண்டு பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நீங்கள் போன பிறகு வரும் பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழும். மீட்டரை அன்றே போட்டோ எடுத்தால் பதில் கையில் இருக்கும். லாரித் தண்ணீரைப் பல வீடுகள் பங்கு போட்டு வாங்கும் தெருவாக இருந்தால், அந்தப் பாக்கியையும் முடித்துவிடுங்கள். ஒவ்வோர் அறையையும் தேதியோடு வீடியோ எடுங்கள். நம் உதாரணத்தில் மின்சாரத்துக்கு ரூ.640, உடைந்த குழாய்க்கு ரூ.350 கழிகிறது. அப்படியானால் திரும்ப வேண்டியது ரூ.17,010.

“கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, அது வாடகைப் பாக்கியாகவே கணக்காகும்.

ஜூன் 30 தாண்டியும் பணம் வரவில்லை என்றால், கெடு முடிந்ததைச் சொல்லி இன்னொரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தப் பதிவுக்கான இணையதளம் tenancy.tn.gov.in. ஒப்பந்தம், தபால் ரசீது, ஒப்புகை, மீட்டர் போட்டோ ஆகிய நான்கையும் போனில் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். அங்கே கேட்கப்போவது இவற்றைத்தான்.