சம்பளத்தை உயர்த்தித் தருகிறோம் என்கிறார்கள், ராஜினாமா செல்லுமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் தயாரிப்பு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஓசூரில் வேறு வேலை கிடைத்து, ஜூன் 2 அன்று மெயிலில் ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் 60 நாள். ஆகஸ்ட் 4 அன்று புது இடத்தில் சேர வேண்டும். ஜூன் 12 அன்று மேனேஜர் கூப்பிட்டு, 35 சதவீதம் சம்பள உயர்வும் தனியாக ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார். தொழில் கற்றுக்கொடுத்தவர் என்பதால் முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. அன்று இரவு வாட்ஸ்அப்பில், 'சரி சார், நீங்க சொல்றபடி பார்த்துக்கலாம்' என்று போட்டேன். 16-ஆம் தேதி ஹெச்.ஆரிடமிருந்து புதிய சம்பளக் கடிதம் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை, பதிலும் அனுப்பவில்லை. ஜூன் மாதச் சம்பளத்தோடு 50,000 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. ஹெச்.ஆர். போர்ட்டலில் என் ராஜினாமா 'Withdrawn' என்று காட்டுகிறது. எனக்குப் போகத்தான் விருப்பம். மேனேஜரின் மனம் நோகாமல், ரிலீவிங் லெட்டரும் கெடாமல் எப்படி விலகுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: மனம் நோகுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஜூன் 2-ஆம் தேதி ராஜினாமா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் உங்கள் வழக்கின் ஒரே கேள்வி. இருந்தால் ஆகஸ்ட் 1 உங்கள் கடைசி வேலை நாள். இல்லையென்றால் புதிதாக ராஜினாமா கொடுத்து, இன்றிலிருந்து 60 நாள் எண்ண வேண்டும். ஓசூர் வேலை அதுவரை காத்திருக்காது.

பிற்பாடு ஒரு தேதியில் நடைமுறைக்கு வரும்படி கொடுத்த ராஜினாமாவை, விதியிலோ ஒப்பந்தத்திலோ தடை இல்லாவிட்டால், அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே 7 அன்று, ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிவிட்டு, ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அதில் முக்கியமான செய்தி, திரும்பப் பெறும் உரிமை ராஜினாமா கொடுத்தவருடையது என்பது. ஹெச்.ஆர். தன் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டதால் மட்டும் உங்கள் கடிதம் செத்துவிடாது.

அப்படியானால் நீங்களே திரும்பப் பெற்றீர்களா? வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட வரி இங்கேதான் காலை வாருகிறது. ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 7-ஆம் பிரிவுப்படி சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்பது அப்படிப்பட்ட சம்மதம் இல்லை என்று நான் வாதாடுவேன். ஆனால் 'சரி சார்' என்று தொடங்கியிருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

வாட்ஸ்அப்பை விட ஆபத்தானது அந்த 50,000 ரூபாய். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, முன்வைத்த யோசனையோடு தரப்படும் பிரதிபலனை வாங்கிக்கொண்டாலே அதை ஏற்றதாகும் என்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில், சம்பளக் கடிதத்தின் இரண்டாம் பக்கக் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா? அந்தத் தொகையைப் பெறுபவர் 12 மாதம் பணியில் தொடர வேண்டும், தவறினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. பணம் உங்கள் கணக்கில் கிடக்கக் கிடக்க, நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்ற வாதம் வலுவாகிக்கொண்டே போகும். பாண்டு என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லியிருக்கிறது.

கடிதம் வந்தது ஜூன் 16 அன்று. மறுநாளே நாலு வரி எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பணம் வந்த அன்றாவது எழுதியிருக்கலாம். மரியாதை என்று நினைத்து நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அங்கே அதைச் சம்மதம் என்று ஃபைல் போட்டுவிட்டார்கள். இதில் அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பணி நியமனக் கடிதத்தை அனுப்பாமல் நோட்டீஸ் 60 நாள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். குறைகிற நாளுக்குச் சம்பளம் கட்டிவிட்டுப் போகலாமா, அதை முடிவு செய்வது நீங்களா நிர்வாகமா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் யார் சொல்லும் ஆலோசனையும், என்னுடையது உட்பட, பாதிதான்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் மேனேஜரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். ஹெச்.ஆர். மெயில் வழியாக அவருக்குத் தெரியவருவதுதான் உறவைக் கெடுக்கும். அன்றைக்கே, அவருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து மெயில் அனுப்புங்கள். கருத்து இப்படி இருக்கட்டும்: 'என்னைத் தக்கவைக்க எடுத்த முயற்சிக்கு நன்றி. யோசித்ததில், ஜூன் 16 தேதியிட்ட கடிதத்தில் சொன்ன ஊதிய உயர்வையும் தொகையையும் ஏற்க இயலவில்லை. ஜூன் 2 அன்று கொடுத்த ராஜினாமாவை நான் திரும்பப் பெறவில்லை; போர்ட்டல் பதிவைத் திருத்தித் தரவும். ஆகஸ்ட் 1 வரை பணியாற்றிப் பொறுப்புகளை ஒப்படைப்பேன். கணக்கில் வந்த தொகையைத் திருப்பிச் செலுத்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரம் தரவும்.'

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். போகிற இடம், அங்கே என்ன சம்பளம், இங்கே என்ன மனக்குறை என்று எதுவும் எழுத வேண்டாம். காரணம் எழுதினால், அதைச் சரிசெய்து தருகிறோம் என்று மறுபடியும் பேச்சு தொடங்கும். 'இப்போதைக்கு', 'முடிந்தால்' போன்ற சொற்களும் கூடாது. ஒரு முறை பட்டது போதும்.

பணத்தைத் தொடாதீர்கள். மேனேஜரின் கூகுள் பேயில் போட்டுவிடவும் வேண்டாம். நிறுவனத்துக்குத் திருப்பியதாக அது கணக்கில் வராது. சம்பளச் சீட்டில் அதற்கு வரி பிடித்திருந்தால், கடைசிக் கணக்கு முடிக்கும்போது அதைச் சரிசெய்து, படிவம் 16-இலும் திருத்தம் வரும்படி எழுத்தில் கேளுங்கள். சம்பளமே உயர்ந்த விகிதத்தில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் அந்த வித்தியாசமும் திரும்ப வேண்டும்.

நீங்கள் கொள்முதல் பிரிவு. எந்த சப்ளையரிடம் என்ன விலை பேசப்பட்டது, எந்த ஆர்டர் பாதியில் நிற்கிறது என்ற பட்டியலை ஜூலைக்குள் கொடுத்து, பெற்றதற்கு ஒரு பதில் மெயில் வாங்குங்கள். விலைப் பட்டியல் ஒன்றுகூட உங்கள் சொந்த மெயிலுக்குப் போகக் கூடாது. மேனேஜரிடம் நல்ல பெயரை நன்றி மடலை விட இந்த ஒப்படைப்புதான் காப்பாற்றும்.

நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால்? உங்களைக் கட்டிப்போட்டு வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆனால் நோட்டீஸ் குறைவுக்கான தொகையைக் கேட்கலாம், ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்கலாம். அதற்கு வழக்குப் போட்டு ஜெயிப்பதற்குள் ஓசூர் வேலை போய்விடும். அதனால், நல்லபடியாகப் பேசி முடிப்பதே உங்களுக்கு லாபம். சேரும் தேதி தள்ளிப் போகலாம் என்று புது நிறுவனத்திடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நீங்கள் எழுதியதையும் ஒரு நகலையும் மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. நியமனக் கடிதம், ஜூன் 2 மெயில், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், போர்ட்டல் பக்கத்தின் படம், ஜூன் மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, சர்வீஸ் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைக் கோவையிலேயே இந்த வாரத்துக்குள் நேரில் பாருங்கள். அந்த மெயிலையும் அவர் கண்ணில் காட்டிவிட்டு அனுப்புங்கள்.