60 விநாடியில் உங்கள் தொழில் திட்டம்: பிட்ச் எழுதுவது எப்படி?

கல்லூரிகளில் நடக்கும் தொழில் திட்டப் போட்டிகளில் முதல் சுற்று பெரும்பாலும் 60 விநாடிப் பேச்சுதான். இதை பிட்ச் என்பார்கள். சாஃப்ட்வேர் பணிக்கு நடுவே சில மாணவர் அணிகளுக்கு இதில் பயிற்சி கொடுத்து வருகிறேன். புரோகிராம் நன்றாக எழுதியவர்கள்கூட இந்த ஒரு நிமிடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன். எப்படி எழுதுவது என்று ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

முதலில் உங்கள் பேச்சு வேகத்தை அளந்து கொள்ளுங்கள். 100 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை, மேடையில் பேசுவது போல வாய்விட்டுப் படித்து, மொபைலில் உள்ள ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். 60 விநாடி ஆனால், நீங்கள் 90 சொற்களுக்குள் எழுத வேண்டும். மீதி நேரம் மூச்சு விடவும் நிறுத்திப் பேசவும் தேவை. வேர்டில் Review மெனுவில் Word Count கிளிக் செய்தால் சொற்களின் எண்ணிக்கை தெரியும். ஆனால் 12,000 என்பதை அது ஒரே சொல்லாக எண்ணும். வாயால் சொல்ல அதற்கு மேல் நேரம் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

பிட்ச்சில் நான்கு பகுதிகள் உண்டு. கடைசிப் பகுதியான கோரிக்கையை முதலில் எழுதுங்கள். மணி அடித்ததும் பேச்சை நிறுத்தி விடுவார்கள் என்பதால், அதிகம் வெட்டுப்படுவது இந்தப் பகுதிதான். என்ன கேட்கப் போகிறோம் என்பது முடிவானால், அதற்குத் தேவையில்லாததை மேலே உள்ள மூன்று பகுதிகளிலிருந்தும் எடுத்து விடலாம்.

விடுதி மெஸ்ஸில் உணவு வீணாவதைக் குறைக்கும் ஒரு திட்டத்தை எடுத்துக் கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை.

ஹூக் (14 சொற்கள்): "ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் விடுதி மெஸ்ஸில் 38 கிலோ சாப்பாடு குப்பைக்குப் போனது. தராசில் நிறுத்துப் பார்த்தோம்."

பிரச்சினை (27): "400 பேர் தங்கும் விடுதி. எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போனாலும் அவர் 400 பேருக்குத்தான் உலை வைக்கிறார். அந்தச் செலவு எங்கள் மெஸ் பில்லில் சேர்கிறது."

தீர்வு (32): "மதியம் 2 மணிக்கு ஒவ்வொரு மாணவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போகும். இரவு சாப்பிட வராதவர் 0 என்று பதில் அனுப்பினால் போதும். 4 மணிக்கு மாஸ்டர் கையில் எண்ணிக்கை இருக்கும். 3 வெள்ளிக்கிழமைகள் நடத்திப் பார்த்தோம். மூன்றாவது வாரம் வீணானது 15 கிலோதான்."

கோரிக்கை (15): "அடுத்த 2 விடுதிகளில் ஒரு மாதம் நடத்திக் காட்ட 12,000 ரூபாய் கேட்கிறோம். தராசுக்கும் மெசேஜ் கட்டணத்துக்கும் அது போதும்."

மொத்தம் 88 சொற்கள். ஹூக்கில் வந்த 38 கிலோ, தீர்வில் 15 கிலோவாகத் திரும்பி வருவதைக் கவனியுங்கள். நடுவர் மனதில் நிற்பது இந்த வித்தியாசம்தான். "உலகில் எவ்வளவு உணவு வீணாகிறது தெரியுமா?" என்று ஆரம்பித்திருந்தால், உலகத்திலிருந்து உங்கள் மெஸ்ஸுக்கு இறங்கி வரவே 10 விநாடி போயிருக்கும். நீங்களே அளந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள். "எப்படி அளந்தீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

இன்ஜினியரிங் மாணவர்கள் தடுமாறும் இடம் தீர்வுப் பகுதி. எந்த டேட்டாபேஸ், எந்த மொழியில் எழுதினோம் என்று பட்டியல் போடுவார்கள். அதைப் பயன்படுத்துபவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் சொன்னால் போதும். பதில் அனுப்பாதவரை என்ன செய்வது என்பது போன்ற விவரங்களைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள். இங்கே பதில் வராவிட்டால் அவர் சாப்பிட வருவதாகவே கணக்கு. அதனால் யாரும் பசியோடு திரும்ப மாட்டார்கள். ஆனால் மறதிக்காரர்கள் அதிகமானால் மிச்சமும் அதிகமாகும். இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கோரிக்கையில் தொகை, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். "உங்கள் ஆதரவு தேவை" என்று முடித்தால் நடுவர் எதையும் குறித்துக் கொள்ள முடியாது.

எழுதி முடித்ததும், இந்தத் திட்டம் பற்றித் தெரியாத ஒருவரிடம் ஒரு முறை மட்டும் பேசிக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, "என்ன பிரச்சினை? என்ன கேட்டேன்?" என்று கேளுங்கள். பிரச்சினையைச் சொல்லி, தொகையைச் சொல்லாவிட்டால் கோரிக்கையைத் திருத்துங்கள். இரண்டும் சொல்லாவிட்டால் ஹூக்கிலிருந்து மாற்ற வேண்டும். அடுத்த முறை வேறு ஒருவரிடம் சோதியுங்கள். முதலில் கேட்டவருக்குத்தான் விடை தெரிந்து விட்டதே!