எந்தச் செவ்வாய்?

2025 ஜூலையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் பத்தாம் வகுப்புக்கான பயிற்சித்தாள்களைச் சேர்ந்து தயாரிப்பது என்று பேசி முடிவு செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செய்தி போட்டேன்: “ஜூலை 8 முதல் ஒவ்வொரு இரண்டாவது செவ்வாயும் மாலை 4.45-க்குக் கூட்டம். ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர், மறுமுறை ராஜபாளையம்.”

ஜூலை 8 அன்று எல்லாரும் வந்தார்கள். 22 அன்று இரண்டு பேர் வரவில்லை. வேலை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஆகஸ்ட் 5 அன்று பாதிப் பேர்கூட இல்லை. ஆகஸ்ட் 12 மாலை ராஜபாளையத்திலிருந்து பேருந்து ஏறி வந்த ஓர் ஆசிரியை, பூட்டிய வகுப்பறை முன் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். “டீச்சர், இன்னைக்குத்தானே இரண்டாவது செவ்வாய்?”

அவர் சொன்னது சரி. நான் எழுதியதுதான் சரியில்லை. ஒரே வரியை மூன்று விதமாகப் படித்திருக்கிறோம். சிலருக்கு அது மாதத்தின் இரண்டாம் செவ்வாய்: ஜூலை 8, ஆகஸ்ட் 12, செப்டம்பர் 9. நான் நினைத்தது ஒரு செவ்வாய் விட்டு மறு செவ்வாய்: ஜூலை 8, 22, ஆகஸ்ட் 5, 19. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை என்று பழகிய சிலர் அதே கணக்கில் இரண்டாம், நான்காம் செவ்வாய் என்று எடுத்துக்கொண்டார்கள்: ஜூலை 8, 22, ஆகஸ்ட் 12, 26.

பிழை ஏன் ஒரு மாதம் வெளியே தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னிரண்டு வாசிப்புக்கும் ஜூலையில் ஒரே தேதிகள். அந்த மாதம் 29-ஆம் தேதி ஐந்தாவது செவ்வாய் வந்தது. 14 நாள் கணக்கு அதைத் தாண்டி ஆகஸ்ட் 5-க்குப் போனது. மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கி 12-க்குப் போனது. அக்டோபர் 14-இல் மூன்று வாசிப்பும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆகவே எல்லாரும் ஒருநாள் வந்துவிட்டார்கள் என்பதால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து செவ்வாய் உள்ள மாதத்தைத் தாண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

“இரண்டாவது வாரம் செவ்வாய்” என்று மாற்றினால் தீருமா? அது இன்னும் மோசம். 2025 அக்டோபர் புதன்கிழமை தொடங்கியது. காலண்டரில் இரண்டாவது வரிசையில் இருக்கும் செவ்வாய் 7-ஆம் தேதி. ஆனால் அதுதான் அந்த மாதத்தின் முதல் செவ்வாய். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8 முதல் 14-க்குள்தான் வரும். தேதியை அப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

“மாதம் இருமுறை” என்பதும் “இரு வாரத்துக்கு ஒருமுறை” என்பதும் ஒன்றல்ல. முன்னது ஆண்டுக்கு 24, பின்னது 26. மேலும் “இரு வாரத்துக்கு ஒருமுறை” என்று மட்டும் எழுதினால், இந்த வாரமா அடுத்த வாரமா என்பது தெரியாது. தொடக்கத் தேதி இல்லாமல் அந்தத் தொடருக்குப் பொருளே முழுமையாகாது.

விடுமுறை இன்னொரு சிக்கல். எங்கள் கணக்கில் செப்டம்பர் 30 காலாண்டு விடுமுறையில் விழுந்தது. அந்தக் கூட்டம் தள்ளிப்போகுமா, விட்டுப்போகுமா? தள்ளி வைத்தால், அடுத்த 14 நாளைப் புதுத் தேதியிலிருந்து எண்ணுவதா? இடமும் மாறிமாறி வருவதால், விட்டுப்போன முறை யாருடையது என்ற பேச்சும் வந்தது. இதை முன்கூட்டியே எழுதாவிட்டால் ஆளுக்கொரு ஊருக்குப் போவார்கள்.

கடைசியில் நான் திருத்திப் போட்ட செய்தி இது:

“ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 9 வரை, 14 நாளுக்கு ஒருமுறை, செவ்வாய் மாலை 4.45. ஆகஸ்ட் 19 ராஜபாளையம், செப்டம்பர் 2 ஸ்ரீவில்லிபுத்தூர், செப்டம்பர் 16 ராஜபாளையம், இப்படியே மாறிமாறி. விடுமுறையில் விழும் கூட்டம் நடக்காது. மற்ற தேதிகளும் அவற்றுக்கான ஊர்களும் மாறாது. செப்டம்பர் 30 கூட்டம் இல்லை. அதற்கடுத்தது அக்டோபர் 14, ராஜபாளையம்.”

செப்டம்பர் 30 ஸ்ரீவில்லிபுத்தூர் முறை என்பதால் ராஜபாளையத்தில் அடுத்தடுத்து இரண்டு கூட்டம் வந்தது. கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் யாரும் பூட்டிய கதவுக்கு வரவில்லை. செய்தி நீளம்தான், மூன்று தேதிகளை எழுதியது எனக்கே முதலில் மிகையாகப் பட்டது. விதியைத் தவறாகப் படித்தவர்கூடத் தேதியைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

இதையே எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளைப் பயிற்சியாகக் கொடுத்தேன். 2025 ஆகஸ்ட் மாதக் காலண்டரைக் கரும்பலகையில் வரைந்து, “நான்காவது வெள்ளி”, “கடைசி வெள்ளி” இரண்டையும் வட்டமிடச் சொன்னேன். பாதி வகுப்பு இரண்டுக்கும் 22-ஐயே வட்டமிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “29 சும்மா நிக்குதே டீச்சர்” என்றான்.