1.30 என்றால் ஒன்றரை மணி நேரமா?

ஆற்காட்டில் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை டேனரிகள். நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூர் ஷூ கம்பெனிகள், அதையும் தாண்டினால் வாணியம்பாடி. எனக்கு வேலை கொடுப்பவர்கள் டேனரிக்காரர்கள் இல்லை, டேனரிகளுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டன்ட்டுகள். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், கழிவுநீர் சுத்திகரிப்பு தெரிந்த ஆளில்லாமல் இங்கே தோல் பதனிட முடியாது என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் லெதர் வொர்க்கிங் குரூப் தணிக்கைச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தத் தணிக்கைக்குத் தயார்செய்து கொடுப்பது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. இவர்களில் பலர் மணிக்கணக்கில்தான் கட்டணம் வாங்குகிறார்கள். மாதம் முடிந்ததும் டைம்ஷீட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைப் பிரித்துக் கூட்டி பில் போடுவது என் வேலை. அந்தத் தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில நம்பிக்கைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்பிக்கை: 1.30 என்று எழுதினால் ஒன்றரை மணி நேரம்

கையால் எழுதிய நோட்டில் அப்படித்தான். நாம் எல்லாரும் நேரத்தைப் புள்ளி வைத்தே எழுதிப் பழகியவர்கள், பஸ் நேரப் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே எண்ணை எக்செல்லில் தட்டினால் அது தசம எண்ணாகிவிடும். 1.30 மணி என்றால் ஒரு மணி 18 நிமிடம். 12 நிமிடம் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

உதாரணத்துக்கு மணிக்கு ரூ.1,500 வாங்கும் ஒரு கன்சல்டன்ட்டை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை டேனரி ஒன்றின் தணிக்கைத் தயாரிப்புக்கு ஒரு மாதத்தில் ஆறு நாள் போயிருக்கிறார். தாளில் 1.30, 2.45, 3.15, 1.45, 2.30, 4.15 என்று எழுதியிருக்கிறார். எக்செல் கூட்டினால் 14.80 வரும், அதன்படி பில் ரூ.22,200. உண்மையில் அவர் உழைத்தது சரியாக 16 மணி நேரம், வரவேண்டியது ரூ.24,000. ஆறே பதிவில் 1,800 ரூபாய் கரைந்துவிட்டது. இந்தத் தவறு எப்போதும் எழுதுபவருக்கே நஷ்டமாக முடியும் என்பதால், வாங்கும் கம்பெனி எதிர்க்கேள்வி கேட்காது. வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். மணி என்று தலைப்பிட்ட பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் 15, 30, 45 மட்டுமே வருகிறதா? 60-க்கு மேல் ஒரு எண்கூட இல்லையா? அப்படியானால் அது தசமம் அல்ல, நிமிடம். தசமத்தில் எழுதியிருந்தால் 25, 50, 75 வந்திருக்கும்.

நேரத்தைத் தசமத்தில் எழுதும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வக்கீல் இருக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் சங்கத்தை நடத்திய ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், 1919-ல் ஹேல் அண்ட் டார் என்ற வக்கீல் நிறுவனத்துக்குப் போனார். ஒவ்வொரு வழக்குக்கும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அன்றாடம் தாளில் எழுதச் சொன்னவர் அவர். மணியைப் பத்தாகப் பிரித்தார், ஒரு பங்கு 6 நிமிடம். கூட்டுவதற்கு அது வசதி: 6 நிமிடம் என்றால் 0.1, 30 நிமிடம் என்றால் 0.5. இலவச உதவிச் சங்கத்தை நடத்தியவரின் பழக்கம் உலகமெங்கும் கட்டணம் வாங்கும் முறையாகிப்போனது, வேடிக்கைதான்.

நம்பிக்கை: சரி, 1:30 என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது

பாதிதான் தீரும். முக்காற்புள்ளி வைத்தால் எக்செல் அதை நேரம் என்று புரிந்துகொள்கிறது. ஆனால் அதற்கு நேரம் என்றால் கடிகார நேரம். 24 மணி தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். நம் கன்சல்டன்ட் அதே மாதம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு ரசாயனப் பட்டியல் தயாரிக்க 38 மணி 30 நிமிடம் செலவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையில் 14:30 என்று காட்டும். ஒரு முழு நாள் காணாமல் போனதுபோல் இருக்கும். உள்ளே எண் சரியாகத்தான் இருக்கிறது, காட்டும் விதம்தான் தப்பு. அந்தக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் 38:30 தெரியும்.

இதைவிட மோசமானது அடுத்த படி. எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்துக்கொண்டு, மணியை அதன் பின்னமாகச் சேமிக்கிறது. 38:30-ஐ நேராக 1,500-ஆல் பெருக்கினால் ரூ.2,406.25 வரும். வரவேண்டியது ரூ.57,750. இவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல். பெருக்கும் முன் 24-ஆல் பெருக்க வேண்டும்:

```
=E2*24*1500
```

நான் என்னிடம் வருபவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஆரம்ப நேரம், முடிந்த நேரம் இரண்டையும் முக்காற்புள்ளியோடு எழுதுங்கள், மணியை நான் தசமத்தில் கணக்கிட்டுக்கொள்கிறேன். மணி எழுதும் கட்டத்தில் "2 மணி" என்று எழுத்தைச் சேர்த்துவிட்டால் எக்செல் அதை எண்ணாகவே மதிக்காது. கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். எண்கள் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் போய்விடும். பத்தியில் இடதுபக்கம் நகர்ந்து நிற்பது எதுவோ அது பில்லில் வராது.

நம்பிக்கை: கால் மணிக்கு ஏற்றிப் போடுவது எல்லாரும் செய்வதுதான்

செய்கிறார்கள், உண்மை. எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் வில்லங்கம். டேனரியிலிருந்து சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் ஒரு மாதத்தில் பத்து முறை போன் செய்கிறார், ஒவ்வொன்றும் 4 நிமிடம். மொத்தம் 40 நிமிடம், ரூ.1,000. ஒவ்வொரு போனையும் தனித்தனியாகக் கால் மணிக்கு ஏற்றினால் இரண்டரை மணி ஆகிவிடும், ரூ.3,750. ஸ்மித்தின் 6 நிமிடக் கணக்கில் ஏற்றினால் ஒரு மணி, ரூ.1,500. மூன்றுமே வழக்கத்தில் உள்ள முறைகள். ஒப்பந்தக் கடிதத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், ஒன்றும் எழுதாவிட்டால் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சொல்வதுதான் செல்லும். "சார், பத்து போனுக்கு ரெண்டரை மணியா? போன் பில்லைக் காட்டுங்க" என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். என்னுடன் வந்திருந்த கன்சல்டன்ட்டிடம் பதில் இல்லை.

பயண நேரமும் இதே மாதிரிதான். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஒரே பயணமாகப் போய்விட்டு, போன நேரத்தை இருவர் பில்லிலும் முழுசாகப் போடுவது தவறு. ஒரு மணியை ஒருமுறைதான் விற்க முடியும். அமெரிக்க வக்கீல் சங்கம் 1993-லேயே தன் உறுப்பினர்களுக்கு இதை எழுதிச் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: ஒரே முதலாளி, ஒரே பில்

இந்தப் பகுதியில் அதிகம் பார்க்கும் குழப்பம் இதுதான். ராணிப்பேட்டையில் டேனரி, ஆம்பூரில் ஷூ கம்பெனி, இரண்டும் ஒரே குடும்பத்தின் கையில். பேசுவது ஒரே ஆளிடம், டீ குடிப்பது ஒரே அறையில். ஆனால் ஒன்று கூட்டு நிறுவனமாகவும் மற்றொன்று பிரைவேட் லிமிடெட்டாகவும் இருக்கலாம். அப்போது பான் எண் வேறு, ஜிஎஸ்டி எண்ணும் வேறு. டேனரிக்குச் செய்த வேலையை ஷூ கம்பெனி பெயரில் பில் போட்டால், அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க டேனரிக்கு வழியில்லை. ஷூ கம்பெனி எடுத்தாலும் அது தனக்குக் கிடைக்காத சேவைக்கு எடுத்ததாகிவிடும். பிறகு கிரெடிட் நோட், புது பில், அடுத்த மாதம் வரை பணத்துக்குக் காத்திருப்பு.

அதனால் டைம்ஷீட்டில் வாடிக்கையாளர் என்பது முதலாளியின் பெயர் அல்ல, ஜிஎஸ்டி எண் உள்ள நிறுவனம். அதன் கீழே வேலை. ஒரே டேனரிக்குள்ளும் கழிவுநீர் ஆலோசனைக்கு மாதம் இவ்வளவு என்று பேசி முடித்திருப்பார்கள், தணிக்கைத் தயாரிப்பு மட்டும் மணிக்கணக்கு. இரண்டையும் ஒரே வேலையாக எழுதினால், பேசி முடித்த பணத்துக்குள் அடங்கிய மணிகளும் பில்லில் ஏறிவிடும். நான் வைத்திருக்கும் தாளில் ஐந்து பத்திகள்தான்: தேதி, நிறுவனக் குறியீடு, வேலைக் குறியீடு, பில் உண்டா இல்லையா, மணி. ஒரு நிறுவனத்தின் ஒரு வேலைக்கான தொகுப்பு இப்படி வரும்:

```
=SUMIFS(E:E,B:B,"RP01",C:C,"AUDIT",D:D,"Y")
```

பெயருக்குப் பதில் குறியீடு எதற்கு என்று கேட்பார்கள். ஒரு நாள் "ராணிப்பேட்டை" என்றும் மறுநாள் "ராணிப்பேட்" என்றும் எழுதியிருந்தால், இரண்டாவது வரி இந்தத் தொகுப்பில் விழாது, எச்சரிக்கையும் வராது. குறியீட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதிதான். இதைப் பிடிக்க ஒரே வழி: எல்லாத் தொகுப்புகளையும், பில் இல்லாத மணிகளையும் சேர்த்துக் கூட்டி, E பத்தியின் மொத்தத்தோடு ஒப்பிடுவது. கால் மணி வித்தியாசம் வந்தாலும் பில் அடிக்க மாட்டேன்.

நம்பிக்கை: டாக்சி செலவை வாங்குவதுதானே, அதற்கேது ஜிஎஸ்டி

உண்டு. ஆம்பூர் பில்லையே எடுத்துக்கொள்வோம். 38.5 மணிக்கு ரூ.57,750. டாக்சிக்கு ரூ.2,400 கொடுத்திருக்கிறார், கம்பெனி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. தன் வேலையைச் செய்வதற்காகத்தான் பயணம் செய்தார், ஆகவே அதுவும் சேவையின் விலையில் சேரும். 60,150-க்கு 18 சதவீதம் ரூ.10,827, அதில் பாதி மத்திய ஜிஎஸ்டி, பாதி மாநில ஜிஎஸ்டி. மொத்தம் ரூ.70,977. டாக்சியை வரிக்கு வெளியே தள்ளினால் ரூ.432 குறையும். அது பிறகு கன்சல்டன்ட்டின் கையிலிருந்து போக வேண்டியது.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, இங்கே அடிக்கடி உதவும். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் குரோம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது, 2015 முதல் அங்கே இதுதான் விதி. ஷூ கம்பெனி தன் தோலைப் பரிசோதிக்கச் சொல்கிறது, கன்சல்டன்ட் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுகிறார். கம்பெனியின் சம்மதத்தோடு, கம்பெனிக்காகக் கட்டி, ஆய்வக பில்லையும் கம்பெனி பெயரில் வாங்கி, தன் பில்லில் தனி வரியாக, கட்டிய அதே தொகையைக் காட்டினால், அது ஜிஎஸ்டி 33-ஆம் விதியின் ப்யூர் ஏஜென்ட் கணக்கில் வந்துவிடும், கன்சல்டன்ட் அதற்கு வரி போட வேண்டியதில்லை. ஒப்பந்தக் கடிதத்திலும் அது இருக்க வேண்டும். ஆய்வக பில் கன்சல்டன்ட் பெயரில் வந்திருந்தால் நான் அதை டாக்சியோடு சேர்த்துவிடுவேன்.