தேவை, அளிப்பு வரைபடத்தில் உபரியை எண்ணிப் பார்ப்பது எப்படி?

போட்டிச் சந்தையின் சமநிலையில் மொத்த உபரி உச்சத்தில் இருக்கும் என்று பொருளியல் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடும். பக்கத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. ஏன் அந்தப் புள்ளியில் உச்சம் என்று கேட்டால், “அங்கேதான் தேவையும் அளிப்பும் சமம்” என்று பதில் வரும். அது காரணம் ஆகாது. காரணம் தெரிய வேண்டுமென்றால், வழுவழுப்பான கோடுகளை விட்டுவிட்டு ஆள் ஆளாகப் பிரித்து வரைய வேண்டும். கட்டம் போட்ட தாளும் இரண்டு நிறப் பென்சிலும் போதும்.

முதலில் படிக்கட்டுகளை வரையுங்கள்

ஒரு மொத்தச் சந்தையில் தக்காளிப் பெட்டி வாங்க ஆறு பேர், விற்க ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பெட்டி. எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வாங்க வந்தவர்கள் ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை ரூ. 500, 440, 380, 320, 260, 200. விற்க வந்தவர்களுக்குப் பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஆகும் செலவு ரூ. 140, 180, 240, 290, 350, 420. செலவுக்குக் கீழே விலை போனால் அவர்கள் விற்க மாட்டார்கள்.

கிடைக்கோட்டில் பெட்டிகளின் எண்ணிக்கை, செங்குத்துக் கோட்டில் ரூபாய். வாங்குபவர்களைப் பெரிய எண்ணிலிருந்து சிறியதாக அடுக்கினால் இறங்கும் படிக்கட்டு; அதுதான் தேவைக் கோடு. விற்பவர்களைச் சிறிய எண்ணிலிருந்து அடுக்கினால் ஏறும் படிக்கட்டு. அது அளிப்புக் கோடு. ‘இந்த விலைக்கு எத்தனை பெட்டி போகும்’ என்று இடமிருந்து வலமாகப் படிப்பதுதான் நமக்குப் பழக்கம். உபரியை எண்ண, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மூன்றாவது பெட்டிக்கு நேரே அளிப்புப் படியின் உயரம் 240. அந்தப் பெட்டி வர ஆன செலவு. தேவைப் படியின் உயரம் 380. அது கைக்குப் போகிறவருக்கு அதன் மதிப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள 140 ரூபாய்தான் அந்த ஒரு பெட்டி கைமாறுவதால் புதிதாகப் பிறக்கும் லாபம்.

விலையைப் போட்டு எண்ணுங்கள்

விலை ரூ. 300 என்று ஒரு கிடைக்கோடு இழுங்கள். அதற்கு மேலே இருக்கும் முதல் நான்கு பேர் வாங்குவார்கள். கீழே இருக்கும் முதல் நான்கு பேர் விற்பார்கள். வாங்கியவர்களுக்கு 200, 140, 80, 20 என மிச்சம், கூட்டினால் 440. இது நுகர்வோர் உபரி. விற்றவர்களுக்கு 160, 120, 60, 10, கூட்டினால் 350. இது உற்பத்தியாளர் உபரி. மொத்தம் 790.

இப்போது விலையை 310 ஆக்குங்கள். அதே நான்கு பேர்தான் வாங்குவார்கள், அதே நான்கு பேர்தான் விற்பார்கள். நுகர்வோர் உபரி 400, உற்பத்தியாளர் உபரி 390. மொத்தம் மறுபடியும் 790. விலை என்பது ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும் பணம். மொத்தக் கணக்கில் அது அடிபட்டுப் போகிறது. மொத்த உபரியை முடிவு செய்பவை இரண்டே: யாரெல்லாம் வாங்கினார்கள், யாரெல்லாம் விற்றார்கள். விலையின் வேலை அவர்களைப் பிரித்தெடுப்பது.

790ஐ மிஞ்ச முயன்று பாருங்கள்

மாற்றிப் பார்க்க நான்கு வழிதான் உண்டு. ஒரு பெட்டியைக் குறைத்து மூன்றோடு நிறுத்தினால், நான்காவது பெட்டியின் 30 ரூபாய் போய் 760 ஆகிறது. ஒன்றைக் கூட்டி ஐந்து ஆக்கினால், 350 ரூபாய் செலவான பெட்டியை 260 மட்டும் மதிக்கிறவருக்குத் தருகிறோம். 90 நஷ்டம், 700 ஆகிறது. எண்ணிக்கையை நான்கிலேயே வைத்து, 500 மதிப்பவரை அனுப்பிவிட்டு 260 மதிப்பவருக்குக் கொடுத்தால் 240 போகிறது. வாங்குபவர்களைத் தொடாமல், 140 செலவில் விற்பவரை விலக்கி 350 செலவாகிறவரை விற்கச் சொன்னால் 210 போகிறது. எந்தக் கலவையை எடுத்தாலும் 790க்கு மேலே போகாது. சமநிலையில் உள்ளே நிற்கும் ஒவ்வொரு வாங்குபவரின் மதிப்பும் வெளியே நிற்கும் ஒவ்வொருவரின் மதிப்பைவிட அதிகம். உள்ளே நிற்கும் ஒவ்வொரு விற்பவரின் செலவும் வெளியே நிற்பவர் செலவைவிடக் குறைவு. உள்ளே நிற்கும் எந்த வாங்குபவரின் மதிப்பும் உள்ளே நிற்கும் எந்த விற்பவரின் செலவைவிடவும் அதிகம்; வெளியே நிற்பவர்களிடையே இது தலைகீழ். நிரூபணம் இவ்வளவுதான்.

இரண்டு திறன்களும் இதிலேயே பிரிந்து தெரிகின்றன. சரியான எண்ணிக்கையில் நின்று, அதிகம் மதிப்பவர் கைக்குப் பொருள் போவது ஒதுக்கீட்டுத் திறன். முதல் மூன்று மாற்றங்கள் அதைக் கெடுத்தன. அந்த எண்ணிக்கையை ஆகக் குறைந்த செலவில் செய்து முடிப்பது உற்பத்தித் திறன். நான்காவது மாற்றம் கெடுத்தது அதை. வாங்கியவர்கள் யாருக்கும் அதனால் ஒரு குறையும் தெரியாது. நான்கு பெட்டியும் வந்துசேர்ந்திருக்கும், 210 ரூபாய்ப் பெறுமான உழைப்பும் டீசலும் மட்டும் வீணாகியிருக்கும்.

உச்ச வரம்பு வைத்தால் முக்கோணம் எவ்வளவு சொல்கிறது?

பெட்டிக்கு ரூ. 240க்கு மேல் விற்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வருகிறது. விற்பவர்கள் மூவராகக் குறைவார்கள். வாங்க ஐவர் நிற்பார்கள். பாடநூல் இங்கே, மூன்றாவது பெட்டிக்கு வலப்பக்கம் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள சிறு முக்கோணத்துக்கு நிறம் தீட்டி, இதுவே இழப்பு என்று முடித்துக்கொள்ளும். நம் கணக்கில் அது 30.

ஆனால் அந்த 30, மூன்று பெட்டியும் 500, 440, 380 மதிப்பவர்களுக்கே போனால் மட்டும் சரி. விலைதான் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டிப்போட்ட பிறகு யார் பிரிப்பார்கள்? வரிசையில் முதலில் வந்தவர்கள் 380, 320, 260 மதிப்பவர்கள் என்றால், மதிப்பு 960, செலவு 560, உபரி 400. இழப்பு 390. முக்கோணம் காட்டுவது இழப்பின் கீழ் எல்லையை மட்டுமே. வாடகைக் கட்டுப்பாடு உள்ள நியூயார்க் நகரத்தை ஆராய்ந்த எட்வர்ட் கிளேசர், எர்ஸோ லட்மர் இருவரும், வாடகைக்கு இருப்போரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர், கட்டுப்பாடு இல்லாத நகரத்தில் எடுத்திருக்கக்கூடியதைவிட அதிகமான அல்லது குறைவான அறைகள் உள்ள வீட்டில் இருப்பதாக 2003இல் எழுதினார்கள். முக்கோணத்தில் இது தெரியாது.

விலைக்கு வரம்பு இல்லாமலே இந்த இழப்பு நேரலாம். 1997 ஜனவரி 14 அன்று கேரளத்தின் வடகரையில் 11 மீனவர்கள், வாங்க ஆள் இல்லாததால், பிடித்த மத்தியைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மத்தி கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வரும் செய்தி இது. மீன் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டதால் ஒவ்வொரு கரையிலும் அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் வரைந்தால், ஒன்றில் விலை சுழி, இன்னொன்றில் எட்டாத உயரம். பிடித்த மீன் ஒன்றுதான், போய்ச்சேர்ந்த இடம்தான் தவறு. கைபேசி வந்து, கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் இறங்கியது, மத்தியில் கிடைத்த நுகர்வோர் உபரி 6 சதவீதம் ஏறியது. விலை வெறுமனே கைமாறியிருந்தால் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கியிருக்கும். இரண்டும் ஏறியதற்குக் காரணம், மீண்டது வீணாகிக்கொண்டிருந்த உபரி.

ஒரே நிறுவனத்தின் படத்துக்கு வாருங்கள்

தேர்வில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பட்டறைக்கு நிலையான செலவு 100. Q அலகுகள் செய்ய மொத்தச் செலவு இது:

```
TC = 100 + Q²
MC = 2Q
ATC = 100/Q + Q
```

இறுதிநிலைச் செலவுக் கோடு நேராக ஏறும். சராசரிச் செலவுக் கோடு இறங்கி, 10 அலகில் 20ஐத் தொட்டு, மறுபடி ஏறும். ஏறும் கோடு அதன் அடிப்புள்ளியை வெட்டிச் செல்லும். விலையும் இறுதிநிலைச் செலவும் சந்திக்கும் புள்ளி ஒதுக்கீட்டுத் திறன்; சராசரிச் செலவின் அடிப்புள்ளி உற்பத்தித் திறன். விலை 20 என்றால் இரண்டும் ஒரே இடத்தில்.

விலை 30 என்றால்? பட்டறை 15 அலகுகள் செய்யும். அங்கே இறுதிநிலைச் செலவு 30. முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் சராசரிச் செலவு 21.67, அடிப்புள்ளியில் இல்லை. இதைப் பட்டறையின் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். சந்தையில் இதே போன்ற பத்துப் பட்டறைகள் இருந்தால், அவற்றைக் கொண்டு 150 அலகுகள் செய்ய இதைவிட மலிவான வழி கிடையாது. மொத்தச் செலவு 3,250. அதே 150ஐப் பதினைந்து பட்டறைகள் பத்துப் பத்தாகச் செய்தால் 3,000 போதும். லாபத்தைப் பார்த்துப் புதியவர்கள் நுழைந்து விலையை 20க்கு இறக்கும்வரை இந்த 250 மிச்சப்படாது. உள்ளே வர வழி திறந்திருப்பது ஏன் போட்டிச் சந்தைக்கு நிபந்தனையாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

கோடு எதைச் சொல்லவில்லை என்று குறித்துவையுங்கள்

தேவைப் படியின் உயரத்தில் விருப்பம் மட்டும் இல்லை, பையின் கனமும் இருக்கிறது. 200 ரூபாய்க்காரருக்குத் தக்காளி குறைவாகத் தேவைப்படுகிறது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. உபரி உச்சத்தில் இருப்பது பங்கீடு நியாயமானது என்று பொருள்படாது.

அளிப்புப் படியோ விற்பவர் கொடுக்கும் செலவை மட்டும் காட்டுகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் சேர்ந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் வரை அது தொடர்ந்தது. நம் பழைய எண்களையே துணிக்கு வைத்து, ஒவ்வோர் அலகும் வெளியாருக்கு 60 ரூபாய் சேதம் தருகிறது என்று கொள்ளுங்கள். சந்தை இப்போதும் நான்கு அலகில்தான் நிற்கும். 790இல் 240 போக 550. மூன்றில் நின்றிருந்தால் 760இல் 180 போக 580. இப்படி ஒரு கேள்வி வந்தால், அளிப்புக் கோட்டுக்கு 60 ரூபாய் மேலே இன்னொரு படிக்கட்டு வரைந்து, அது தேவைக் கோட்டை வெட்டும் மூன்றாவது அலகில் விடையை எழுதுங்கள்.