அந்தப் பந்தியில் பூநகரி எங்கே?

முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் நோக்கக் கூற்றின் முதற்பந்தியை அநேகமாக ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்த பூநகரிப் பிள்ளை ஒருவர் நீர்வள முகாமைத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தி இப்படி வரும்:

“சிறுவயது முதலே எனக்கு விவசாயத்தில் ஆர்வம் அதிகம். போரால் பாதிக்கப்பட்ட, தண்ணீர்ப் பிரச்சினை உள்ள பிரதேசத்திலிருந்து வருகிறேன். உலகத்தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் கற்று என் சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.”

இதில் பொய் இல்லை. ஆனால் இதே பந்தியை முல்லைத்தீவுப் பிள்ளையும் அனுப்பலாம், சோமாலியாப் பிள்ளையும் அனுப்பலாம். தெரிவுக் குழுவில் இருப்பவர் அதை வாசித்த பின்னும் உங்களைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கமாட்டார்.

இந்தப் பந்தியைச் சொல் மாற்றித் திருத்த முடியாது. அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, நாலு கேள்விக்குத் தமிழிலேயே விடை எழுதுங்கள். எதை அளந்தீர்கள்? என்ன வருமென்று எதிர்பார்த்தீர்கள்? என்ன வந்தது? எந்த இடத்தில் உங்கள் அறிவோ கருவியோ போதாமல் நின்றீர்கள்? ஆங்கிலத்துக்குப் பிறகு போகலாம். முதலே ஆங்கிலத்தில் தொடங்கினால், எங்கேயோ வாசித்த வசனங்கள்தான் கைக்கு வரும்.

நாலாவது கேள்விதான் முக்கியம். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் மறைக்கிறார்கள். தெரியாததைச் சொன்னால் தகுதி குறையும் என்று பயம். ஆனால் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவருக்கு முதுமாணி எதற்கு? எது தெரியவில்லை என்று துல்லியமாகச் சொல்பவர் வேலையை உண்மையில் செய்தவர் என்பது வாசிக்கும் பேராசிரியருக்கு விளங்கும்.

நம் பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வு கிணற்று உவர் பற்றியது என்றால், விடைகளைச் சேர்த்த பந்தி இப்படி அமையலாம். எண்கள் மாதிரிக்குத்தான்:

“பூநகரியில் களப்பை அண்டிய 8 கிணறுகளின் மின்கடத்துதிறனை மாசி முதல் ஆவணி வரை இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்தேன். களப்புக்கு மிகக் கிட்டவுள்ள கிணறே அதிகம் உவராக இருக்கும் என எதிர்பார்த்தேன். ஆனால் உள்ளே தள்ளியிருந்த, தோட்டத்துக்கு நாள்தோறும் பம்பியால் இறைக்கும் கிணற்றிலேயே உவர் வேகமாக ஏறியது. அடியிலுள்ள உவர்நீர் மேலே இழுபடுகிறதா, பாசன நீர் மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்ப இறங்குகிறதா என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. நான் எடுத்தது மேல்மட்ட நீர் மட்டுமே. ஆழத்துக்கு ஆழம் அளக்கவும், நீரின் இரசாயனத்தைக் கொண்டு உப்பின் மூலத்தைக் கண்டறியவும் கற்பதற்காக விண்ணப்பிக்கிறேன்.”

இங்கே ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆறேழு மாதம் கிணறு கிணறாகத் திரிந்தவருக்கு ஆர்வம் இருக்கிறதென்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சந்தேகமும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இறைத்து மேல்மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாலே அடியிலுள்ள உவர் பல மடங்கு உயரும் என்பதை நீர்த்துறைக்காரர் அறிவார். வாளியில் அள்ளிய தண்ணீர் அதைக் காட்டாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த வசனம் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள நீர்க்கல்வி நிறுவனத்துக்கும் ஒரே வசனத்தை அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றின் பாடப்பட்டியலையும் திறந்து, உங்கள் நாலாவது விடைக்கு நேரே நிற்கும் பாடத்தை அங்கே உள்ள பெயரிலேயே எழுதுங்கள். அப்படி ஒரு பாடமும் அகப்படாவிட்டால் அந்த விண்ணப்பத்தையே மறுபடி யோசிக்கவேண்டும். விண்ணப்பக் கட்டணம் மிஞ்சும்.

போரைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். ஆய்வுக்குள் அதற்கு வேலை இருந்தால் எழுதுங்கள். 2008இல் ஊர் இடம்பெயர்ந்தபின் உங்கள் கிணறுகள் இறைக்கப்படாமல் கிடந்தனவென்றால், அது உவர்க் கணக்கைப் பாதிக்கும் ஒரு தகவல். ஒரு வசனம் தாராளமாகப் போடலாம். இரக்கம் தேடும் வசனம் மட்டும் வேண்டாம். மொட்டைக்கறுப்பன் நெல்லும் அப்படித்தான். பூநகரிக்குப் பெயர் வாங்கித் தந்த நெல் என்ற பெருமைக்காக நுழைக்காமல், அந்த வயலின் மண்ணை அளந்திருந்தால் மட்டும் சேருங்கள்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. கிணறு ஆறென்றால் ஆறு என்றே எழுதுங்கள். இடையில் இரண்டு மாதம் கருவி பழுதென்றால் அதையும் மறைக்காதீர்கள். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் அதே ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர்தான். பந்தியை அனுப்புமுன் அவருக்குக் காட்டுங்கள். அவர் கடிதத்திலும் அதே கிணறுகள், அதே மாதங்கள் வரட்டும்.